அம்பை அரிசி ஆலைக் கடனுக்கு வட்டி உச்சவரம்பு வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேரும் கூட்டாக அரிசி ஆலை நடத்துகிறோம். டிரையரும் கலர் சார்ட்டரும் வாங்க இந்த வருசம் 1 கோடியே 20 லட்சம் டேர்ம் லோன் எடுத்தோம். 60 மாதம், மாதம் 2 லட்சம் அசல், வட்டி தனி. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 5.25, அதன்மேல் 3.75, ஆக 9 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருதடவை வட்டி மாறும். நெல் வாங்க 40 லட்சம் சி.சி. என்ற கேஷ் கிரெடிட்டும் உண்டு. வட்டி ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சென்னையில் இருக்கும் அத்தை மகன் மூலம் ஒரு வங்கியில் 'இன்ட்ரஸ்ட் ரேட் கேப்'புக்கு விலை கேட்டோம். 1.20 கோடிக்கு, 3 வருடத்துக்கு, மைபார் என்ற சந்தை வட்டி 6.50-ஐத் தாண்டினால் வித்தியாசத்தை அவர்கள் தருவார்களாம். இப்போதே 1,10,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். 4.75-க்குக் கீழே போனால் நாங்கள் தருவதாக ஒத்துக்கொண்டால் அந்தப் பணமும் வேண்டாமாம். எங்கள் கிளை மேலாளருக்கு இதைப்பற்றித் தெரியவில்லை. வாங்கலாமா? எதை வாங்க?

— ஆலை உரிமையாளர், அம்பாசமுத்திரம்

பதில்: சொல்லப்பட்ட விலையில், சொல்லப்பட்ட வடிவத்தில் வாங்க வேண்டாம். பணம் கட்டாத இரண்டாவது திட்டத்தைத் தொடவே வேண்டாம். ஏன் என்பதை உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன். நாளை வேறொரு வங்கி வேறு விலை சொன்னாலும் இதே கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கேப் என்பது உங்கள் கடனின் ஒரு பகுதி இல்லை. அது தனி ஒப்பந்தம். வட்டி ஏறினால் உங்கள் வங்கி ஏறிய வட்டியை முழுசாகவே கணக்கில் பற்று வைக்கும். கேப் விற்ற வங்கி, ஒப்பந்தத்தில் சொன்ன அளவுகோல் வட்டி வரம்பைத் தாண்டிய அளவுக்கு மட்டும், ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் உங்கள் கணக்கில் பணம் போடும். அளவுகோல் வட்டியிலிருந்து வரம்பைக் கழித்து, ஒப்பந்தத் தொகையால் பெருக்கி, அந்தக் காலாண்டின் நாட்களை 365-ஆல் வகுத்துப் பெருக்கினால் வருவதுதான் அந்தப் பணம். வட்டி வரம்புக்குக் கீழேயே இருந்தால் ஒன்றும் வராது. கட்டிய பிரீமியமும் திரும்பாது. பிரீமியத்தை முன்கூட்டியே முழுதும் கட்டிவிட்டால் அதற்குமேல் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. ஆகவே கேப் மட்டும் வாங்குகிறவரிடம் ஈடு கேட்கத் தேவை இல்லை.

இப்போது அவர்கள் தந்த விலையைப் பார்ப்போம். அதில் முதல் கோளாறு தொகையில் இருக்கிறது. உங்கள் கடன் மாதம் 2 லட்சம், காலாண்டுக்கு 6 லட்சம் என்று குறைந்துகொண்டே போகிறது. ஒரு வருடம் கழித்து 96 லட்சம்தான் பாக்கி. இரண்டு வருடம் கழித்து 72 லட்சம். பன்னிரண்டாவது காலாண்டு தொடங்கும்போது வெறும் 54 லட்சம். அவர்களோ மூன்று வருடமும் 1.20 கோடிக்கே விலை போட்டிருக்கிறார்கள். காலாண்டுத் தொடக்கப் பாக்கிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் 87 லட்சம் வருகிறது. அதாவது நீங்கள் விலை கொடுக்கும் பாதுகாப்பில் நாலில் ஒரு பங்குக்கும் மேலே இல்லாத கடனுக்கானது. இது பண நஷ்டம் மட்டுமல்ல. ரிசர்வ் வங்கியின் ரூபாய் வட்டி டெரிவேட்டிவ் விதிகளின்படி, உங்களைப் போன்ற சிறு பயனாளர் இருக்கிற வட்டி அபாயத்தைக் காத்துக்கொள்ள மட்டுமே இதை வாங்கலாம். இல்லாத கடனுக்கு வாங்கியது அந்த வரையறைக்குள் வராது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, 120, 114, 108 என்று காலாண்டுக்கு 6 லட்சம் குறைந்து 54-இல் முடியும் அட்டவணைக்கு என்ன விலை என்பது. பாதுகாப்பின் அளவு 27.5 சதவீதம் குறைவதால், அதே வீதத்தில் பார்த்தாலே விலை 80,000 ரூபாய்க்கு இறங்க வேண்டும். உண்மையில் அதற்கும் கீழே வர வேண்டும். கேப்பில் கடைசிக் காலாண்டுகளுக்குத்தான் விலை அதிகம். இன்றிலிருந்து தள்ளிப் போகப் போக வட்டி எங்கே இருக்கும் என்ற நிச்சயமின்மை கூடும். உங்கள் தொகை குறைவதும் அந்தக் கடைசிக் காலாண்டுகளில்தான். இதை எடுத்துச் சொன்ன பிறகும் 80,000-க்குக் கீழே வர மறுத்தால், சின்னத் தொகை என்பதால் கூடுதல் லாபம் வைக்கிறார்கள் என்று பொருள். இந்தச் சந்தை மும்பைக் கருவூல மேசைகளில், பெரிய தொகைகளுக்காக நடப்பது, 1.20 கோடி அவர்களுக்குச் சில்லறை. சந்தையின் நடு விலை எவ்வளவு, அதன்மேல் வங்கி வைக்கும் லாபம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

80,000 ரூபாய் என்றால் எவ்வளவு என்பதை வட்டியாக மாற்றிப் பார்த்தால்தான் புரியும். சராசரி 87 லட்சம், மூன்று வருடம். ஆக வருடத்துக்கு சுமார் 0.31 சதவீதம். வட்டி ஏறவே இல்லை என்றால் உங்கள் கடன் 9.31 சதவீதத்தில் ஓடியதற்குச் சமம். வட்டி எவ்வளவு ஏறினாலும் 6.50 கூட்டல் 3.75, அதாவது 10.25, அதோடு இந்த 0.31 சேர்ந்து 10.56-இல் நிற்கும். இடையில் உள்ள ஒன்றேகால் சதவீத ஏற்றம், அதாவது 5.25-இலிருந்து 6.50 வரை, முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும். பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ரெப்போ ஒரு சதவீதம் ஏறி அங்கேயே நின்றுவிட்டால் கேப் ஒரு ரூபாய்கூடத் தராது.

சரி, பெரிய ஏற்றம் வந்தால்? அதற்கு நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2022 மே மாதம் 4.00 சதவீதத்தில் இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரியில் 6.50 ஆனது. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவீதம். காலாண்டு மறுநிர்ணயத்தில் ஒரு கடன்காரர் அதை முதலில் 0.90, அடுத்து 1.90, பிறகு 2.25, கடைசியில் 2.50 என்று படிப்படியாக உணர்ந்திருப்பார். அதே ஏற்றம் உங்கள் கடனின் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வருகிறது என்று வையுங்கள். ஐந்தாம் காலாண்டில் ரெப்போ 6.15, ஆறாவதில் 7.15, ஏழாவதில் 7.50, எட்டு முதல் பன்னிரண்டு வரை 7.75. இந்த எட்டுக் காலாண்டிலும் சேர்த்து உங்களுக்குக் கூடும் வட்டி சுமார் 3,17,850 ரூபாய். கேப் தருவது ஆறாவது காலாண்டில் 14,625, ஏழாவதில் 21,000, மீதி ஐந்திலும் சேர்த்து 1,03,125, மொத்தம் 1,38,750. கூடிய வட்டியில் பாதிக்கும் குறைவு. கட்டிய 80,000-ஐக் கழித்தால் மிஞ்சுவது 58,750. அவர்கள் சொன்ன 1,10,000-ஐக் கழித்தால் 28,750-தான். அந்தப் பணத்தை முதல் நாளிலேயே கொடுத்துவிட்டு இரண்டு வருடம் காத்திருந்ததற்கு 9 சதவீத வட்டி போட்டால் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிடும்.

அதே ஏற்றம் இரண்டாவது காலாண்டிலேயே தொடங்கிவிட்டால் கணக்கு மாறுகிறது. கூடும் வட்டி 5,09,325. கேப் தருவது 2,30,550. கடன் பெரிதாக இருக்கும்போது ஏற்றம் வருவதுதான் காரணம். மாதாமாதம் அசல் குறையும் கடனில் வட்டி அபாயத்தின் பெரும்பகுதி முதல் ஒன்றரை, இரண்டு வருடத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வருடப் பாதுகாப்பு விலை கூடியது, பயன் குறைந்தது.

இதுவரை போட்டது லாப நட்டக் கணக்கு. கேப் வாங்கலாமா என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்வது மாதாந்தரத் தவணைக் கணக்கு. முதல் மாதம் நீங்கள் கட்டுவது 2 லட்சம் அசலும் 90,000 வட்டியும், மொத்தம் 2,90,000. இரண்டாம் வருடத்தில் ஏற்றம் வந்தால், ஆறாம் காலாண்டு தொடங்கும்போது பாக்கி 90 லட்சம், வட்டி 10.90 சதவீதம்; மாத வட்டி 81,750. எட்டாம் காலாண்டில் பாக்கி 78 லட்சம், வட்டி 11.50; மாத வட்டி 74,750. அதாவது இரண்டரை சதவீதம் ஏறிய பிறகும், முதல் மாதம் கட்டியதைவிடக் குறைவாகவே கட்டுவீர்கள். ஏற்றம் உடனே தொடங்கினால்கூட, மிக மோசமான மாதம் மூன்றாம் காலாண்டின் முதல் மாதம்: 108 லட்சத்துக்கு 10.90 சதவீதம், மாத வட்டி 98,100. முதல் மாதத்தைவிட 8,100 ரூபாய்தான் அதிகம். 2,90,000 கட்ட முடிகிற ஆலை 2,98,100 கட்ட முடியாமல் தவணை தவறும் என்றால், அதன் சிக்கல் வட்டி ஏற்றம் அல்ல.

சம அசலில் கட்டும் கடனுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவு கணக்கும். வங்கி முதலில் மாதா மாதம் ஒரே தொகையாக ஈ.எம்.ஐ. போட்டுத் தருகிறேன் என்று சொன்னதையோ, பத்து வருடமாக நீட்டித் தருகிறேன் என்று சொன்னதையோ நீங்கள் ஏற்காமல் விட்டிருந்தால், நல்லது செய்திருக்கிறீர்கள். நீண்ட ஈ.எம்.ஐ. கடனில் முதல் சில வருடம் அசல் மெதுவாகவே குறையும். அங்கே வட்டி ஏற்றம் முழு வீச்சில் அடிக்கும். இரண்டு வருடம் அசல் கட்ட வேண்டாம் என்று விடுப்புப் பெற்ற கடனிலும் அப்படித்தான். உங்கள் 1.20 கோடிக்கே அப்படி ஒரு விடுப்பு இருந்தால், இரண்டரை சதவீத ஏற்றம் வருடத்துக்கு 3 லட்சம் ரூபாய். அசல் குறைந்து ஈடுகட்டவும் வழி இல்லை. அந்த இடத்தில் இரண்டு வருட கேப்புக்கு நியாயமான விலை கொடுக்கத் தயங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்று: விலைப் பட்டியலில் இருப்பது மைபார், உங்கள் கடனில் இருப்பது ரெப்போ. இரண்டும் ஒன்றல்ல. மைபார் என்பது வங்கிகள் தங்களுக்குள் ஒரு இரவுக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் வட்டி. பணம் தாராளமாகப் புழங்கும் காலத்தில் அது ரெப்போவுக்குக் கீழே போய்விடும். 2020 மே முதல் இரண்டு வருடம் ரெப்போ 4.00-இல் இருந்தது, ஒரு இரவு வட்டியோ பெரும்பாலான காலம் 3.35 சதவீத ரிவர்ஸ் ரெப்போவை ஒட்டியே கிடந்தது. இப்போது அந்த இடத்தில் எஸ்.டி.எஃப். என்ற தரை ரெப்போவுக்குக் கால் சதவீதம் கீழேயும், எம்.எஸ்.எஃப். என்ற கூரை கால் சதவீதம் மேலேயும் இருக்கின்றன. ரெப்போ 7.00, மைபார் 6.75 என்று ஒரு காலாண்டு போனால், உங்கள் கடனுக்கு அரை சதவீதம் பாதுகாப்பு வேண்டியிருக்கும். கேப் தருவது கால் சதவீதம். பணம் இறுக்கமான காலத்தில் மைபார் ரெப்போவுக்கு மேலே நின்று உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். ஆனால் அது அதிர்ஷ்டம், பாதுகாப்பு இல்லை. ரெப்போவையே அளவுகோலாக வைத்து விலை தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தயங்குவார்கள், ஏனெனில் அவர்கள் தங்கள் அபாயத்தை மைபார் சந்தையில்தான் தள்ளிவிட முடியும். முடியாது என்றால் இந்தக் கால் சதவீத ஓட்டையை மனதில் வைத்து விலையை இன்னும் குறைத்துக் கேட்க வேண்டும்.

உங்கள் 3.75 சதவீதக் கூடுதல் விகிதத்தை எந்தக் கேப்பும் காக்காது. சிறு, குறு தொழிலுக்கான ரெப்போ இணைப்புக் கடனில் அதில் அடங்கிய கடன் அபாயப் பங்கை, உங்கள் கடன் தரத்தில் பெரிய மாற்றம் வந்தால்தான் வங்கி மாற்றலாம். மற்ற பங்குகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். குறைப்பதற்கு மட்டும் 2025 அக்டோபர் முதல் அந்த மூன்று வருடக் கட்டு இல்லை. இங்கே உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கூடுதல் விகிதத்தில் கால் சதவீதம் குறைந்தால் மூன்று வருடத்தில் மிச்சம் சுமார் 65,250 ரூபாய், அதுவும் வட்டி ஏறினாலும் இறங்கினாலும். தணிக்கையான கணக்கு, சரியாகக் கட்டிய ஜி.எஸ்.டி. படிவங்கள், ஒரு வருடம் தவறாத தவணை, இவற்றை எடுத்துக்கொண்டு கிளை மேலாளரைப் பார்ப்பது, கேப்புக்கு அலைவதைவிடப் பலன் தரும். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்ட மாறும் வட்டித் தொழில் கடன்களுக்கு, சிறு, குறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் கடனை முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. வேறு வங்கிக்கு மாறிவிடலாம் என்ற பேச்சுக்கு இப்போது எடை உண்டு.

அந்தப் பணம் கட்டாத திட்டத்துக்கு வருகிறேன். அதில் இலவசம் எதுவும் இல்லை. 6.50-க்கு மேலான பாதுகாப்பை வாங்கிக்கொண்டு, அதற்கு விலையாக 4.75-க்குக் கீழே இறங்கும் நன்மையை நீங்கள் விற்கிறீர்கள். ரெப்போ 4.00-க்கு இறங்கினால் மைபாரும் கூடவே இறங்கும். அப்போது உங்கள் போட்டியாளருக்கு வட்டி குறைந்த லாபம் முழுசாகக் கிடைக்கும். நீங்கள் மட்டும் 4.75-க்குக் கீழான முக்கால் சதவீதத்தைக் காலாண்டுதோறும் அந்த வங்கிக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். மைபார் ரெப்போவைவிடக் கீழே போனால், 4.75-க்குக் கீழே கடனில் கிடைத்த குறைப்பைவிட அதிகமாகவும் கட்ட நேரும். 1.20 கோடிக்கு நிலையாகப் போட்டிருந்தால், 54 லட்சக் கடனுக்கு 1.20 கோடியின் மேல் கட்டுவீர்கள். இதில் உங்களுக்குப் பொறுப்பு இருப்பதால் வங்கி ஒரு கடன் வரம்பு ஒதுக்கும், ஈடும் கேட்கலாம். பிசான அறுவடைக்குச் சி.சி. வரம்பு உயர்த்திக் கேட்கும் சமயத்தில் இது குறுக்கே வந்து நிற்கும்.

சி.சி.க்குக் கேப் வேண்டுமா என்ற எண்ணம் வரலாம். வேண்டாம். மாசி, பங்குனியில் பிசான நெல் வரும்போது 40 லட்சமும் நிரம்பும். அரிசி விற்றுப் பணம் திரும்பியதும் பாதியாகக் குறையும். கார் நெல்லுக்கு மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்துகிற அட்டவணை போட முடியாது. வருடம் முழுக்க நிரம்பியே இருந்தாலும் இரண்டரை சதவீத ஏற்றம் ஒரு லட்சம் ரூபாய்தான். நெல் வாங்கும்போதும் அரிசிக்கு விலை வைக்கும்போதும் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். கிடங்கில் நிற்கும் நாட்களைக் குறைத்தால் இன்னும் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிம்மதிக்காக வாங்கியே தீர வேண்டும் என்று உங்கள் தம்பியோ அண்ணனோ நினைத்தால், இரண்டு வருடத்துக்கு மட்டும், குறையும் அட்டவணையில், 120-இல் தொடங்கி 78 லட்சத்தில் முடியும்படி விலை கேளுங்கள். 6.25, 6.50, 7.00 என்று மூன்று வரம்புக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்குங்கள். காலாண்டுத் தேதிகள் உங்கள் கடனின் வட்டி மறுநிர்ணயத் தேதிகளோடு பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் கடனில் ஏறிய வட்டிக்கும் கேப் தரும் பணத்துக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி விழும். பொருந்தினாலும் உங்களுக்கு வட்டி மாத முடிவில் பற்றாகும், கேப் பணம் காலாண்டு முடிவில்தான் வரும் என்பதை மறக்க வேண்டாம். கடனை முன்கூட்டி அடைத்தால் கேப் தானாக முடியாது; அதை எந்த முறையில் விலை போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பது தாளில் இருக்க வேண்டும். உங்களுடையது கூட்டு நிறுவனம் என்பதால் நிறுவனத்தை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 20 இடம் கொண்ட எல்.இ.ஐ. குறியீடு எடுக்கச் சொல்வார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஐ.எஸ்.டி.ஏ. என்ற மூல ஒப்பந்தமும் கூட்டாளிகள் இருவரின் கையெழுத்தும் தேவைப்படும். இந்தச் செலவுகளையும் பிரீமியத்தோடு சேர்த்துத்தான் விலையாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருட அட்டவணையில், 6.50 வரம்புக்கு, ஏற்றம் உடனே தொடங்கினால் கேப் தருவது 1,51,800 ரூபாய். இரண்டாம் வருடம் தொடங்கினால் 60,000. எல்லாச் செலவும் சேர்த்து 40,000-க்குள் முடிந்தால் வாங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. அதற்கு மேல் கேட்டால் அந்தப் பணத்தை அசலில் கட்டிவிடுங்கள்.